லாரிக்கு முன்னால் போகும் லிஸ்ட்: ஏ.எஸ்.என்.-இல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரில் பம்ப் ஸ்டார்ட்டர் செய்யும் ஒரு யூனிட்டில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். ராத்திரி இங்கிருந்து ஏறும் சரக்கு காலையில் ஒரகடத்தில் வாங்குபவரின் கிடங்கில் இறங்கும். அதற்குள் அவர்களுடைய ரிசீவிங் ஆட்களிடம் எங்கள் ஏ.எஸ்.என். போயிருக்க வேண்டும். அட்வான்ஸ் ஷிப்பிங் நோட்டீஸைத்தான் அப்படிச் சொல்கிறோம். எந்த ஆர்டருக்கு, எத்தனை பெட்டி, எந்தப் பெட்டிக்குள் எந்தெந்த சீரியல் என்று சரக்குக்கு முன்னால் போகும் லிஸ்ட் அது. பெட்டியைப் பிரித்து ஸ்கேன் செய்யும்போது அவர்கள் கணினி இந்த லிஸ்ட்டோடுதான் ஒப்பிடும். ஒத்துவந்தால் ஜி.ஆர்.என்., அதாவது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு, விழும். எங்கள் பணத்துக்கு நாள் எண்ணுவது அந்த ஜி.ஆர்.என். தேதியிலிருந்துதான்.

ஒரு தடவை 140 ஸ்டார்ட்டர் அனுப்பினோம். பெட்டிக்கு 6 வீதம் 23 பெட்டி, கடைசிப் பெட்டியில் 2, ஆக 24 பெட்டி. லிஸ்ட்டில் நான் போட்டது ஒரே வரி: 24E0241 முதல் 24E0380 வரை. கணக்குக்கு அழகாக 140 வருகிறது. மறுநாள் பத்து மணிக்கு போன். “சார், 24E0381 எங்க லிஸ்ட்லயே இல்லையே, பெட்டியில இருக்கு. 0263 லிஸ்ட்ல இருக்கு, பெட்டியில இல்ல.”

நடந்தது இதுதான். கடைசி டெஸ்ட்டில் 0263, 0317 இரண்டும் தேறவில்லை. பேக்கிங்கில் இருந்தவர் அவற்றை எடுத்துவிட்டு, அடுத்து ஓடிய 0381, 0382-ஐ 4-ஆம் பெட்டியிலும் 13-ஆம் பெட்டியிலும் வைத்துவிட்டார். எண்ணிக்கை குறையவில்லை என்பதால் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. நானோ பேக்கிங் முடிவதற்கு முன்பே, உற்பத்தி பிளானைப் பார்த்து லிஸ்ட்டை அடித்து அனுப்பியிருந்தேன். 140-க்கு 140 சரியாக இருந்தும் இரண்டு சீரியலுக்காக மொத்தச் சரக்கும் ஓரமாக நின்றது.

இரண்டு சீரியல்தானே என்று அவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். 0263-ஐ இங்கே ரிப்பேர் செய்து வேறொருவருக்கு விற்றிருப்போம். அவர் வாரன்ட்டிக்கு வரும்போது, அதே சீரியல் ஒரகடத்து ஸ்டாக்கில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

அதனால் ‘முதல்–வரை’ என்று எழுதுவதை நான் அடியோடு விட்டுவிட்டேன். தொடர் எண் அறுபடாமல் வரும் நாள் அபூர்வம். இப்போது ஒரு சீரியலுக்கு ஒரு வரி, பக்கத்தில் பெட்டி எண்:

```
CTN,SERIAL
C04,24E0262
C04,24E0381
C04,24E0264
```

பெட்டி எண் இல்லாமல் 140 சீரியலை மட்டும் வரிசையாகக் கொடுப்பதும் பாதி வேலைதான். ஒன்று பிசகினால் 24 பெட்டியையும் பிரிக்க வேண்டும். பெட்டி எண் இருந்தால் 4-ஐயும் 13-ஐயும் பிரித்துப் பார்த்தால் முடிந்தது.

சீரியலை எங்கிருந்து ஸ்கேன் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். எங்கள் ஸ்டார்ட்டருக்கு மூன்று இடத்தில் சீரியல் உண்டு: உடம்பில் ஒட்டிய பெயர்த்தகடு, உள் அட்டைப்பெட்டி, ஆறு சீரியலும் அச்சான வெளிப்பெட்டி லேபிள். பொருளை மட்டும் மாற்றிவிட்டு அட்டையை அப்படியே விட்டால், வெளி லேபிள் 0263 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பெயர்த்தகட்டை ஸ்கேன் செய்து, அதிலிருந்து வெளி லேபிளை அச்சடிப்பதுதான் பாதுகாப்பு. மாற்று வைத்தால் அந்தப் பெட்டியின் லேபிளைக் கிழித்துப் புதிதாக அடிக்க வேண்டும். பேனாவால் திருத்தினால் பார்கோடு திருந்தாது.

அடுத்தது எக்செல் செய்யும் சேட்டை. எங்கள் சீரியலில் 24 என்பது வருடம், E என்பது ஐந்தாம் மாதமான மே. எக்செல்லுக்கு அது தெரியாது. 24E0241 என்ற வரியுள்ள CSV கோப்பை நேராக இரண்டு தட்டு தட்டித் திறந்தால், 24-க்குப் பின்னால் 241 பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு 2.40E+242 என்று மாற்றிவிடும். வேடிக்கை என்னவென்றால் 24E0306 வரைதான் இப்படி. அதற்கு மேல் போனால் எக்செல் தாங்கும் எண்ணின் எல்லை தாண்டிவிடுவதால் 24E0307-இலிருந்து எழுத்தாகவே விட்டுவிடும். லிஸ்ட்டின் அடிப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று சேமித்து அனுப்பினால் மேல்பாதி கெட்டுப் போயிருக்கும். ஏப்ரல், ஜூன் சரக்கில் இந்தத் தொல்லையே வராது என்பதால் காரணம் பிடிபட எங்களுக்கு நாளானது.

ஒவ்வொரு பெட்டிக்கும் SSCC என்ற தனி அடையாள எண் கேட்கும் வாங்குபவர்களிடம் இது இன்னும் ஆபத்து. அது 18 இலக்கம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், கடைசி மூன்றைப் பூஜ்யமாக்கிவிடும். 2.40E+242-ஐயாவது கையால் திருப்பி எழுதலாம். SSCC-இல் போன மூன்று இலக்கம் போனதுதான், பிறகு அந்த நெடுவரிசையை Text என்று மாற்றினாலும் திரும்பி வராது. கோப்பைத் திறக்கும்போதே Data பக்கத்தில் From Text/CSV வழியாகப் போய், அந்த நெடுவரிசையை Text என்று குறித்துவிட வேண்டும். அனுப்பும் முன் கோப்பை நோட்பேடில் ஒருமுறை திறந்து பார்ப்பேன். வாங்குபவரின் கணினிக்குப் போவது நோட்பேடில் தெரிவதுதான்.

பெட்டி எண்ணிக்கையில் வரும் சண்டை பெரும்பாலும் ‘பெட்டி’ என்றால் என்ன என்பதில்தான். 24 பெட்டியையும் இரண்டு பேலட்டில் அடுக்கி பிளாஸ்டிக் சுற்றினால் லாரி ஆபீஸ் எல்.ஆர். என்ற தன் ரசீதில் ‘2 உருப்படி’ என்று எழுதும். ஏ.எஸ்.என். 24 என்கிறது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியாது, வண்டி வெளியிலேயே நிற்கும். எல்.ஆர்., பேக்கிங் லிஸ்ட், ஏ.எஸ்.என். மூன்றிலும் ‘2 பேலட், 24 பெட்டி’ என்று ஒரே மாதிரி எழுதச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, கடைசி நிமிடத்தில் ஏறும் உபரிப் பெட்டி. விட்டுப்போன கேபிளும் விளக்கப் புத்தகமும் போட்ட அட்டை ஒன்று போகும். அதில் சீரியல் கிடையாது என்பதால் லிஸ்ட்டில் ஏறாது, அங்கே எண்ணும்போது 25 வரும். சீரியல் இல்லாவிட்டாலும் அது ஒரு பெட்டிதான், அதற்கும் ஒரு வரி வேண்டும்.

எனவே லாரிக் கதவு மூடிய பிறகுதான் இப்போது ஏ.எஸ்.என். அனுப்புகிறேன். ராத்திரிப் பயணத்துக்கு அது போதும். பக்கத்து ஊர்க் கிடங்கு என்றால் வண்டி லிஸ்ட்டை முந்திவிடும், அப்போது அனுப்பி முடித்த பிறகே டிரைவரிடம் பில்லைக் கொடுப்பேன்.

இத்தனைக்குப் பிறகும் தப்பு வந்தால் பதறிப்போய் புது எண்ணில் இன்னொரு ஏ.எஸ்.என். அனுப்பக் கூடாது. அவர்கள் கணினியில் 140-ம் 140-ம் சேர்ந்து 280 ஸ்டார்ட்டர் வரவிருப்பதாக நிற்கும், வராத 140-க்குக் குறைச்சல் நோட்டீஸ் நமக்கு வரும். பழைய எண்ணிலேயே திரும்ப அனுப்பினால் பல இடங்களில் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று கணினி தள்ளிவிடும். கணினியிலிருந்து கணினிக்கு நேராகப் போகும் இ.டி.ஐ.-இல், ஏ.எஸ்.என்.-க்கான 856 வடிவில் அனுப்புகிறவர்களுக்கு இதற்கென்றே BSN வரியின் முதல் இடத்தில் ஒரு குறி இருக்கிறது: 00 என்றால் புதியது, 05 என்றால் முன்பு அனுப்பியதற்குப் பதில். 05-ஐ அந்த வாங்குபவர் ஏற்கிறாரா என்று முதல் சரக்குக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மெயிலில் CSV அனுப்புகிற எங்களைப் போன்றவர்கள் ரிசீவிங் மேற்பார்வையாளரை போனில் பிடித்து, பழையதை நீக்கிவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகு புதியதை அனுப்ப வேண்டும். அன்று 0381-க்காக நான் செய்ததும் அதுதான், ஜி.ஆர்.என். விழ மறுநாள் சாயங்காலம் ஆனது.