கூகுள் டிரைவில் ஏற்றிய ஃபைல் யாருடையது? விதிமுறையைப் படிக்கும் வழி

என்னுடைய பழைய கட்டுரைகளையும் குடும்பப் படங்களையும் டிரைவில் ஏற்றுவதற்கு முன், "ஏற்றியதும் எல்லாம் கூகுளுக்குச் சொந்தமாகிவிடுமா?" என்ற கேள்விக்கு விடை தேட விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். முழுவதையும் படிக்கத் தேவையில்லை. இந்த வரிசையில் போனால் போதும். கணினியில் படியுங்கள், போனில் தேடிப் படிப்பது தலைவலி.

படி 1. `policies.google.com/terms` பக்கத்தைத் திறந்து, Ctrl+F அழுத்தி `Permission to use your content` என்று தேடுங்கள். உங்கள் உள்ளடக்கம் உங்களுடையதாகவே இருக்கும் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. சொந்தம் யாருக்கு என்ற கேள்வி இதோடு முடிந்தது.

படி 2. அதற்குக் கீழேயே `Scope`, `Rights`, `Purpose`, `Duration` என்று சிறு தலைப்புகள் வரும். பலர் குழம்புவது இங்கேதான். சொந்தம் உங்களுடையது, ஆனால் அதைப் பயன்படுத்த ஓர் உரிமம் கொடுக்கிறீர்கள். உலகம் முழுக்கச் செல்லும், பணம் தர வேண்டியதில்லாத உரிமம் அது. கூகுளுக்கு மட்டும் என்று கட்டுப்பட்டதும் இல்லை, அதே படத்தை நீங்கள் வேறு யாருக்கும் விற்கலாம்.

`Rights` பகுதியில் நகலெடுக்கலாம், மாற்றலாம் என்றெல்லாம் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நகலெடுக்காமல் சர்வரில் வைக்க முடியாது. மாற்றாமல் சின்ன முன்னோட்டப் படம் காட்ட முடியாது. பொதுவில் காட்டும் உரிமையும், நீங்களே மற்றவர்களுக்குத் திறந்துவிட்டவற்றுக்கு மட்டும்தான். கவனிக்க வேண்டியது `Purpose`. எதற்காகப் பயன்படுத்தலாம் என்ற எல்லை அங்கேதான் இருக்கிறது. சேவையை நடத்துவதோடு, மேம்படுத்துவதும் புதிய வசதிகளை உருவாக்குவதும் அந்த எல்லைக்குள் வருகின்றன. என் கருத்தில் உரிமத்தின் மிக அகலமான வரி இதுதான். டிராப்பாக்ஸ் விதிமுறையில் இதே பகுதி இன்னும் குறுகலாக, சேவையைத் தரத் தேவையான அளவு என்று இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் அதையும் திறந்து வையுங்கள்.

படி 3. அதே `Purpose` பகுதியில் `automated systems` என்று தேடுங்கள். ஸ்பேம், தீங்கு நிரல், சட்டவிரோத உள்ளடக்கம் ஆகியவற்றைத் தேடி இயந்திரம் உங்கள் ஃபைலை ஆராயும் என்று எழுதியிருக்கும். அனுப்பும்போது, பெறும்போது, சேமித்து வைத்திருக்கும்போது என மூன்று நேரமும் இது நடக்கும். அதாவது, யாருக்கும் பகிராத ஃபைலும் இதில் அடங்கும்.

டிரைவில் ஒரு ஃபைல் சிக்கினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கொடி தெரியும், மின்னஞ்சலும் வரும். பொதுவாக உங்களால் திறக்க முடியும். பிறருக்குப் பகிர்ந்த இணைப்பு வேலை செய்யாது. மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் எப்போதும் இல்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் `output04.txt` ஃபைலில் இருந்தது `1` என்ற ஓர் எழுத்து மட்டும். அது பதிப்புரிமை மீறல் என்று கொடி விழுந்தது, மறுபரிசீலனை கேட்க முடியாது என்ற குறிப்போடு! பிறகு கூகுள் அதைச் சரிசெய்தது.

படி 4. `Suspending or terminating` என்று தேடுங்கள். ஃபைல் போனால் சமாளிக்கலாம், கணக்கே போனால்? 2021-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மருத்துவருக்குக் காட்ட மகனின் படத்தை எடுத்தார். தானியங்கிச் சோதனையில் அது குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படம் என்று சிக்கியது. குற்றமில்லை என்று போலீஸ் முடித்துவிட்ட பிறகும் கணக்கு திரும்பவில்லை. அந்தப் படங்களும் மின்னஞ்சல்களும் சட்டப்படி அவருடையவைதான், ஆனால் எடுக்க வழியில்லை.

படி 5. ஆகவே `takeout.google.com` போய் டிரைவை மட்டும் தேர்ந்து ஒரு நகல் இறக்கி வையுங்கள். இணைப்பு ஏறக்குறைய ஒரு வாரத்தில் காலாவதியாகும், வந்தவுடன் இறக்கிவிடுங்கள். ஸ்கேன் கண்ணில் படக் கூடாத ஆவணங்களுக்கு நான் கிரிப்டோமேட்டர் பயன்படுத்துகிறேன். அது ஏற்றும் முன்பே பூட்டிவிடும். ஆர்குளோனும் நல்லதுதான், ஆனால் கட்டளை வரி பழகாதவர்களுக்குச் சொல்ல மாட்டேன். பூட்டிய ஃபைலை டிரைவில் தேட முடியாது, முன்னோட்டமும் வராது. கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் தொலைந்தால் அவ்வளவுதான், யாராலும் திறந்து தர முடியாது.

பின்சேர்க்கை: டேக்அவுட்டில் சில ஃபைல்கள் வரவில்லை என்று கருத்துப் பகுதியில் கேட்டிருந்தீர்கள். மற்றவர் உங்களோடு பகிர்ந்த ஃபைல் அவருடைய கணக்கில் இருப்பதால் உங்கள் நகலில் வராது. அதைத் திறந்து `Make a copy` கொடுத்து உங்கள் டிரைவுக்குக் கொண்டுவந்த பிறகு மறுபடி டேக்அவுட் எடுங்கள். இன்னொருவர் கல்லூரிக் கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தார். அங்கே கணக்கை நிர்வகிப்பது கல்லூரிதான். நிர்வாகி ஃபைல்களைப் பார்க்கவும் கணக்கை நீக்கவும் முடியும். படிப்பு முடியும் முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.