கடைப் பணம் உழைக்கிறதா, நீங்கள் உழைக்கிறீர்களா?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் மசாலாக் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், "போட்ட பணத்துக்கு 25 சதவீதம் வருகிறது" என்று பெருமைப்பட்டார். கணக்கைப் பார்த்தேன். சரக்கு, அரைவை இயந்திரம், ரொக்கம் எல்லாம் 10 லட்சம் ராண்ட். கடன் 4 லட்சம். ஆக, சொந்த முதல் 6 லட்சம். வரி போக நிகர லாபம் ஒன்றரை லட்சம். வகுத்தால் 25 சதவீதம்தான்.

ஆனால் காலை முதல் இரவு வரை கல்லாவில் நிற்கும் அவருக்குச் சம்பளமே எழுதவில்லை! மாதம் 8,000 ராண்ட் என்று ஆண்டுக்கு 96,000 கழித்தால் மிஞ்சுவது 54,000; அதாவது 9 சதவீதம். வங்கியின் நிரந்தர வைப்பு வட்டியோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இன்னொன்று: கடையிலிருந்து 2 லட்சத்தை எடுத்துவிட்டு அதே லாபம் வந்தாலும் விகிதம் 13.5 ஆக ஏறிவிடும். வியாபாரம் வளர்ந்ததாக அர்த்தமில்லை. வகுக்கும் முதல் சுருங்கியிருக்கிறது.