முதலீட்டாளருக்கு அனுப்பும் மாத மெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டார்ட்அப் நிறுவனர்கள் மாதாமாதம் முதலீட்டாளர்களுக்கு எழுதும் மெயிலில் அப்பட்டமான பொய் அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு: எண் சரியாகவே இருக்கும், ஆனால் படிப்பவர் அதிலிருந்து தப்பான முடிவுக்குப் போய்விடுவார். சில சமயம் எழுதிய நிறுவனரே அந்த முடிவை நம்பிக்கொண்டிருப்பார். அதுதான் இன்னும் ஆபத்து.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் வொர்க் கணக்கு மென்பொருள் விற்கிறார்கள். வெட்டிய துணி எந்தத் தையல் யூனிட்டுக்குப் போனது, எத்தனை பீஸ் திரும்பி வந்தது என்பதை அது கண்காணிக்கும். அக்டோபர் மாத மெயிலில் நிறுவனர் எழுதுகிறார்: "வங்கியில் 84 லட்சம் இருக்கிறது. இந்த மாதம் கரைந்தது 6 லட்சம். ரன்வே 14 மாதம்."

ரன்வே என்றால் கையில் இருக்கும் பணம் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு. செப்டம்பர் கடைசியில் 90 லட்சம், அக்டோபர் கடைசியில் 84 லட்சம். கழித்தல் சரி, வகுத்தலும் சரி. ஆனால் அக்டோபரில் ஒரு புது வாடிக்கையாளர் ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டியிருக்கிறார்: 6 லட்சம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 7.08 லட்சம். அந்தப் பணம் வராமல் இருந்தால் அந்த மாதம் கரைந்திருப்பது 13.08 லட்சம். அவர் அடுத்த 11 மாதத்துக்கு ஒரு பைசா தரப்போவதில்லை. தவிர, அதில் 1.08 லட்சம் நிறுவனத்தின் பணமே இல்லை. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் என்றால் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டியது. உள்ளீட்டு வரியைக் கழித்தால் கட்டுவது கொஞ்சம் குறையலாம், அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஆக, கையில் உண்மையாக இருப்பது சுமார் 83 லட்சம், மாதம் கரைவது சுமார் 13 லட்சம். ரன்வே ஆறரை மாதத்துக்கும் சற்றுக் குறைவு. மெயிலில் சொன்னதில் பாதி கூட இல்லை.

இதைத் தவிர்க்க, கடைசி மூன்று மாதச் சராசரியை வைத்து ரன்வே சொல்வது நல்லது. ஒரே தடவை வந்த பணத்தைச் சராசரியிலிருந்தும் விலக்கி, அதைத் தனி வரியில் எழுத வேண்டும். அடுத்த வாரம் வரவேண்டிய இன்வாய்ஸ், கையெழுத்தாகாத ஒப்பந்தம் இதெல்லாம் வங்கி இருப்பு ஆகாது.

வருமான எண்ணிலும் இதே பணம் விளையாடும். 7.08 லட்சத்தை அப்படியே சேர்த்து "மாத வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியது" என்று எழுதுபவர்கள் உண்டு. ஆண்டுச் சந்தா 6 லட்சம் என்றால், எம்ஆர்ஆர் எனப்படும் மாதத் தொடர் வருமானத்தில் சேர வேண்டியது 50,000 மட்டும், அதுவும் ஜிஎஸ்டி நீங்கலாக. எம்ஆர்ஆரை ஒற்றை எண்ணாகப் போடாமல், எப்படி அங்கே வந்தது என்று காட்டினால் கேள்வியே வராது:

மாதத் தொடக்கம் 8.40 லட்சம்
புது வாடிக்கையாளர் + 0.50
பழையவர்கள் கூடுதலாக வாங்கியது + 0.10
விட்டுப் போனவர் − 0.90
மாத முடிவு 8.10 லட்சம்

இந்த ஐந்து வரியும் ஒவ்வொரு மாதமும் இதே வரிசையில் வர வேண்டும். எம்ஆர்ஆர் சரிந்த மாதத்தில் அதை விட்டுவிட்டு, ஆப் டவுன்லோட் எண்ணிக்கையை மேலே கொண்டுவந்தால், அனுபவமுள்ள முதலீட்டாளர் முதலில் தேடுவது காணாமல் போன வரியைத்தான். கணக்கிடும் முறையை மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள்; அந்த மாதம் பழைய முறையிலும் புதிய முறையிலும் இரண்டு எண்களையும் கொடுங்கள்.

சரி, அந்த மைனஸ் 90,000 என்ன? இருந்ததிலேயே பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். இங்கேதான் மெயிலின் மொழி திடீரென்று வழவழப்பாகும். "சில வாடிக்கையாளர்கள் மறுபரிசீலனைக் கட்டத்தில் இருக்கிறார்கள், குழு உறுதியுடன் செயல்படுகிறது." இதைப் படித்து யாராலும் எந்த உதவியும் செய்ய முடியாது. இப்படி எழுதலாம்:

"எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர் நவம்பர் 1 முதல் நிறுத்திவிட்டார். மாதம் 90,000, மொத்த எம்ஆர்ஆரில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். தையல் யூனிட் மேஸ்திரிகள் மொபைலில் பதிவு போடவில்லை. ஆபீசில் பழையபடி எக்செல்தான் ஓடியது. ஜூலையிலிருந்தே பதிவுகள் குறைந்துவந்தன, நாங்கள் லாகின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். இதே நிலையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் பதிவை வாட்ஸ்அப் குரல் செய்தியாக வாங்கிப் பார்க்கிறோம். டிசம்பர் 15-க்குள் தினசரிப் பதிவு ஏறாவிட்டால் அந்த மூவரையும் இழப்போம் என்று வைத்தே பட்ஜெட் போடுவோம்."

என்ன ஆனது, ஏன், எப்போதே தெரிந்திருக்க வேண்டும், இன்னும் எவ்வளவு போகலாம், எந்தத் தேதியில் தெரியும் என்பது எல்லாம் இதில் இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயர் இல்லை; இந்த மெயில் எங்கெங்கே ஃபார்வர்ட் ஆகும் என்பது நம் கையில் இல்லை.

அப்புறம், பின்னடைவை எழுதிவிட்டு மேலே உள்ள எண்ணைத் திருத்த மறப்பது ரொம்பச் சாதாரணமான தவறு. 90,000 போனால் மாதம் கரைவது 13 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 14 லட்சம் ஆகிறது. 83 லட்சத்துக்கு ரன்வே இப்போது முழு ஆறு மாதம் கூட இல்லை. அடுத்த சுற்று நிதி திரட்டவே பல மாதம் ஆகும் என்பதால், இந்த அளவுச் செய்தியை முதலீட்டாளர் மெயிலில் முதன்முதலாகப் படிக்கக் கூடாது. முக்கிய முதலீட்டாளரை முந்தின நாளே போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, பிறகு மெயிலை அனுப்ப வேண்டும்.

உதவி கேட்கும் இடத்தில் "அறிமுகங்கள், ஆள் சேர்ப்பு, ஆலோசனை எதுவானாலும் நன்றி" என்று முடிப்பார்கள். எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்டால் யாரும் எதையும் செய்வதில்லை. ஒன்றே ஒன்று கேளுங்கள், அது அந்த மாதப் பிரச்சினையிலிருந்து வந்ததாக இருக்கட்டும். நம் உதாரணத்தில் புது வாடிக்கையாளர் அறிமுகம் கேட்பது இப்போதைக்குத் தப்பு. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. கேட்க வேண்டியது இது: "20 தையல் யூனிட்டுக்கு மேல் வெளியில் வேலை கொடுக்கும் ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்தி மேலாளராக இருந்தவர் ஒருவர், நவம்பர் 25-க்குள் 30 நிமிடம் பேச வேண்டும். விற்க வரவில்லை. மேஸ்திரிகளிடமிருந்து தினமும் பீஸ் கணக்கு எப்படி வாங்கினார் என்று தெரிய வேண்டும்." இதைப் படித்ததும் ஒரு முகம் நினைவுக்கு வரும், அல்லது வராது. இரண்டும் பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

கீழேயே, அப்படியே எடுத்து அனுப்பக்கூடிய நான்கு வரி அறிமுகத்தைத் தனியாக வைக்க வேண்டும். அதில் ரன்வே, இழந்த வாடிக்கையாளர் எதுவும் கலந்திருக்கக் கூடாது. முதலீட்டாளர் முழு மெயிலையும் தட்டிவிட்டால் உங்கள் வங்கி இருப்பு திருப்பூர் முழுக்கத் தெரிந்துவிடும். அறிமுகம் செய்பவர் எதிராளியிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே இருவரையும் இணைக்கும்படி சொல்லுங்கள். அடுத்த மாத மெயிலில், யார் இணைத்தார், அந்தப் பேச்சிலிருந்து என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பதிலே வராத கோரிக்கை என்றால், அதை ஏன் தொடர்கிறீர்கள் அல்லது ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம்.