முழு எண் லெவல்கள்: விலை ஏன் அங்கே தயங்குகிறது, உங்கள் ஆர்டரை எங்கே வைப்பது

2024 நவம்பர் 22 அன்று பிட்காயின் 99,500 டாலரைத் தாண்டியது. 100,000-ஐத் தொட இன்னும் சில நூறு டாலர்தான் பாக்கி. அந்தச் சில நூறு டாலரை அது அன்று கடக்கவில்லை. அங்கிருந்து திரும்பி, நான்கைந்து நாளில் 91,000 பக்கம் இறங்கிவிட்டது. சரியாக 100,000-இல் விற்கலாம் என்று ஆர்டர் போட்டுக் காத்திருந்தவர்கள் விற்க முடியாமலே அந்த இறக்கத்தைப் பார்த்தார்கள்.

60,000, 100,000 போலப் பூஜ்ஜியங்களில் முடியும் எண்களைத்தான் இங்கே முழு எண் என்கிறேன். இதைப் பார்த்துவிட்டு "முழு எண் வந்தால் விலை திரும்பும்" என்று ஒரு விதியை மனதில் எழுதிக்கொள்வது எளிது. ஆனால் 2017 நவம்பர் கடைசியில் இதே பிட்காயின் 10,000 டாலரை முதன்முறை கடந்தபோது அங்கே நின்று மூச்சுகூட வாங்கவில்லை. ஒரு நாளுக்குள் 11,000-த்தையும் தாண்டியது. எண்ணுக்கு என்று ஒரு சக்தி இருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும். சக்தி எண்ணிடம் இல்லை, அந்த எண்ணில் மனிதர்கள் போட்டுவைக்கும் ஆர்டர்களிடம் இருக்கிறது. அந்த ஆர்டர்கள் எங்கே குவிகின்றன என்று புரிந்தால் போதும், மற்றது தானாக விளங்கும்.

முதலில்: எந்த ஆர்டர் எங்கே உட்காருகிறது

லாபம் எடுக்க நினைப்பவர் "60,000 வந்தால் விற்றுவிடலாம்" என்று நினைக்கிறார். 59,873 என்று யாரும் நினைப்பதில்லை. எனவே லாபம் எடுக்கும் லிமிட் ஆர்டர்கள், அதாவது சொன்ன விலையிலோ அதைவிட நல்ல விலையிலோ மட்டும் நிறைவேறும் ஆர்டர்கள், அந்த எண்ணிலேயே குவிகின்றன. ஸ்டாப் லாஸ் என்பது விலை ஓர் அளவுக்கு எதிராகப் போனால் தானாக வெளியேறி நஷ்டத்தை நிறுத்தும் ஆர்டர். அதை வைப்பவர் வேறு மாதிரி யோசிக்கிறார்: "55,000 உடைந்தால் என் கணிப்பு தப்பு" என்று நினைத்து 54,990-இலோ 54,950-இலோ வைக்கிறார். ஆக, ஸ்டாப்கள் எண்ணைத் தாண்டிய அந்தப் பக்கத்தில் குவிகின்றன.

இது வெறும் ஊகம் இல்லை. கரோல் ஆஸ்லர் என்ற பொருளாதார ஆய்வாளர், ஒரு பெரிய வங்கியில் அந்நியச் செலாவணிக்கு வந்த ஆர்டர்களை எடுத்துப் பார்த்து 2003-இல் இதையே காட்டினார். லாப ஆர்டர்கள் முழு எண்ணில், ஸ்டாப்கள் அதற்குச் சற்று அப்பால். அதனால் இரண்டு விளைவுகள் வருகின்றன. எண்ணை நெருங்கும்போது எதிர்த்திசை ஆர்டர்கள் விலையைத் தடுக்கின்றன. எண்ணைத் தாண்டிவிட்டால், ஸ்டாப்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து விலையை அதே திசையில் தள்ளுகின்றன. ஒரே எண் சுவராகவும் இருக்கும், சறுக்குப் பலகையாகவும் இருக்கும். எது நடக்கும் என்று எண் மட்டும் சொல்லாது.

பிட்காயினைப் பற்றி ஆண்ட்ரூ அர்குஹார்ட் 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. முழு எண்களில் விலைகள் குவிவது அவர் தரவில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் முழு எண்ணைத் தொட்ட பிறகு விலை ஏறும், இறங்கும் என்று சொல்லும்படியான ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. குவிவது உண்மை, திசை சொல்வது உண்மை இல்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன.

படி 1: குறைவான கோடுகளை வரையுங்கள்

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 60,000 பக்கம் விலை போகும்போது ஒவ்வொரு 1,000-க்கும் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். விலை எங்கே திரும்பினாலும் "பார், கோட்டுக்குப் பக்கத்தில் திரும்பியது" என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட்டுக்கு மேலும் கீழும் 0.5 சதவீதத்தைப் "பக்கத்தில்" என்று வைத்துக்கொள்வோம். 60,000-க்கு அது 300 டாலர், இரண்டு பக்கமும் சேர்த்து 600. 1,000-க்கு ஒரு கோடு இருந்தால், நூற்றுக்கு 60 விலைகள் எப்படியும் ஏதாவது ஒரு கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். விலை கண்ணை மூடிக்கொண்டு திரும்பினாலும் நூற்றில் 60 முறை உங்கள் கோடு "வேலை செய்யும்". 10,000-க்கு ஒரு கோடு என்றால் அந்த 60 வெறும் 6 ஆகிவிடும். அப்போதுதான் ஒரு கோட்டில் நடப்பதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கும்.

எனவே முதலில் 50,000, 60,000, 70,000 மட்டும். தேவைப்பட்டால் நடுவில் 55,000, 65,000. ஒரு டாலருக்குக் கீழே உள்ள காயின் என்றால் 0.50, 1.00. அந்தக் காயின் ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். கோடுகளுக்கு நடுவே இருக்கும் தூரம் அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

இன்னொன்று, எந்த நாணயத்தில் அது முழு எண் என்று பாருங்கள். கிரிப்டோவில் பெரும்பாலான வியாபாரம் டாலரிலும் டாலரை ஒட்டிய ஸ்டேபிள்காயின்களிலும் நடப்பதால் டாலர் சார்ட்டில்தான் கோடு போட வேண்டும். அதே விலையை யூரோவில் பார்த்தால் முழு எண் வேறு இடத்தில் விழும்.

படி 2: போலிக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

மூடநம்பிக்கையிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இது ஒன்றுதான். ஒரு மாலை நேரம் போதும்.

சார்ட்டைப் பழைய தேதிக்கு நகர்த்துங்கள். 10,000-இன் மடங்குகளில் ஒரு நிறக் கோடு. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 3,700 தள்ளி, அதாவது 33,700, 43,700, 53,700 என்று வேறு நிறத்தில் போலிக் கோடு. இந்த 3,700-ஐ சார்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தால் கண் நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொடுத்துவிடும்.

விலை ஒரு கோட்டுக்கு 0.5 சதவீதத்துக்குள் வரும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வந்த வழியே 2 சதவீதம் திரும்பியதா, அல்லது கோட்டைத் தாண்டி 2 சதவீதம் போனதா? எது முதலில் நடந்ததோ அதுதான் பதில். அதே கோட்டில் மறுபடி எண்ணுவதற்கு முன் விலை கோட்டைவிட்டு விலகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நிகழ்வை ஐந்து முறை எண்ணிவிடுவோம்.

முழு எண்ணில் 12-க்கு 8 முறை திரும்பியது, போலிக் கோட்டில் 12-க்கு 6 என்று வந்தால் சந்தோஷப்படத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஒரு காசை 12 முறை சுண்டினால்கூட 8 அல்லது அதற்கு மேல் தலை விழ ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நிறைய நிகழ்வுகள் சேரும்வரை "இங்கே திரும்பும்" என்று பந்தயம் கட்ட அந்த எண்ணைக் காரணமாக எடுக்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே எடுத்த ட்ரேடில் ஆர்டரை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 3: வரிசைக்கு முன்னால் நில்லுங்கள்

விற்க நிற்கும் ஆர்டர்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் விலை, வலப்பக்கம் எத்தனை காயின். எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை.

```
60,050     3.1
60,000    84.6
59,990     9.2
59,980     6.7
59,970     4.0
```

60,000-இல் 84.6 காயின் நிற்கிறது. வழக்கமாக ஒரே விலையில் முதலில் வந்த ஆர்டர்தான் முதலில் நிறைவேறும். நீங்கள் இன்று போய் 60,000-இல் ஆர்டர் வைத்தால், வாரக்கணக்கில் அங்கே நிற்பவர்களுக்கெல்லாம் பின்னால் நிற்பீர்கள். விலை 60,000-ஐத் தொட்டு, 50 காயின் மட்டும் விற்றுத் திரும்பினால், சார்ட்டில் "தொட்டது" என்று தெரியும், உங்கள் ஆர்டர் அப்படியே இருக்கும். அதனால் 60,000-க்குச் சற்றுக் கீழேயே வையுங்கள்.

ஆர்டர் புக் எனப்படும் இந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். அந்த 84.6 உண்மையான ஆர்டர் என்று உறுதியில்லை. விலை நெருங்கும்போது சட்டென்று ரத்து செய்துவிடுபவர்கள் உண்டு. வெகுநேரம் நிற்கிறதா, விலை நெருங்கும்போதும் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, தூண்டப்படும்வரை ஸ்டாப் லாஸ்கள் ஆர்டர் புக்கில் தெரியாது. 55,000-க்குக் கீழே வெறுமையாகத் தெரிவதால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

படி 4: ஒரு ட்ரேடை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

உங்களுக்கு வேறு ஏதோ காரணம் இருந்து, 56,100-இல் வாங்கியிருக்கிறீர்கள். இந்த ட்ரேடில் 30 டாலருக்கு மேல் இழக்க விருப்பமில்லை.

எல்லோரும் வைப்பது போல வைத்தால் டார்கெட் 60,000, ஸ்டாப் 54,950. ஸ்டாப்புக்குள்ள தூரம் 1,150 டாலர். 30-ஐ 1,150-ஆல் வகுத்தால் 0.026 காயின் வாங்கலாம்.

இப்போது டார்கெட்டை 59,850-க்குக் கொண்டுவாருங்கள். ஸ்டாப்புக்கு, சார்ட்டில் முன்பு 55,000-க்குக் கீழே எட்டிப்பார்த்துத் திரும்பிய கேண்டில்களின் வால்கள், அதாவது உடலுக்குக் கீழே நீளும் மெல்லிய கோடுகள், 55,000-க்குக் கீழே எவ்வளவு போயின என்று அளந்து பாருங்கள். 120, 210, 340 டாலர் என்று இருந்தால், அந்த மூன்றுக்கும் கீழே, 54,600-இல் வையுங்கள். தூரம் 1,500 ஆகிறது.

தூரம் கூடியதால் நஷ்டமும் கூட வேண்டும் என்று இல்லை. அளவைக் குறையுங்கள்: 30-ஐ 1,500-ஆல் வகுத்தால் 0.02 காயின். இதைச் செய்ய மறந்துவிட்டு ஸ்டாப்பை மட்டும் தள்ளி வைப்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது. நான் தொடங்கிய காலத்தில் என்னையும் கவிழ்த்தது.

டார்கெட் வந்தால் 3,750 டாலர் தூரத்துக்கு 0.02 காயினில் 75 டாலர் லாபம், கட்டணம் போக. 60,000-இல் விற்றிருந்தால் 78 கிடைத்திருக்கும். கூட்டத்துக்கு முன்னால் நிற்க நீங்கள் கொடுத்த விலை 3 டாலர். விலை 60,000-ஐ உடைத்துக்கொண்டு 63,000-க்குப் போய்விட்டால் வருத்தமாகத்தான் இருக்கும். அதற்காக அடுத்த முறை 60,000-க்கு மாற்றாதீர்கள். எத்தனை முறை ஆர்டர் நிறைவேறியது, எத்தனை முறை தவறியது என்று எழுதிவையுங்கள், அதைப் பார்த்து மாற்றுங்கள்.

படி 5: எண் உடையும் நேரம்

ஸ்டாப்கள் வெடிக்கும்போது விலை சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான டாலர் ஓடலாம். உங்கள் ஸ்டாப், கிடைக்கும் விலைக்கு உடனே விற்கும் மார்க்கெட் ஆர்டராக இருந்தால் வெளியேறிவிடுவீர்கள், ஆனால் 54,600-க்குப் பதில் 54,480 கிடைக்கலாம். ஸ்டாப் விலை வந்ததும் ஒரு லிமிட் ஆர்டரைப் போடும் ஸ்டாப் லிமிட்டாக இருந்து, லிமிட்டையும் 54,600 என்றே கொடுத்திருந்தால், விலை அதைத் தாண்டிக் குதித்துவிடலாம், ஆர்டர் நிறைவேறாமல் நிற்கும், காயின் உங்கள் கையிலேயே இருக்கும். லிமிட் ஸ்டாப்பைப் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டு எண்ணுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள்.

உடைந்ததும் பாய்ந்து வாங்கத் தோன்றும். 2024 டிசம்பர் 5-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 100,000 முதன்முறை உடைந்து, விலை 103,000-ஐத் தாண்டியது. 24 மணி நேரத்துக்குள் சில எக்ஸ்சேஞ்சுகளில் 93,000-க்கும் கீழே போய்விட்டது. தினசரி கேண்டில் எண்ணுக்கு மேலே மூடும்வரை காத்திருந்தால் கொஞ்சம் அதிக விலைக்கு வாங்க நேரலாம், ஆனால் அன்றைய கேண்டில் 100,000-க்குக் கீழேதான் மூடியது, காத்திருந்தவர் அன்று மாட்டிக்கொள்ளவில்லை.