எல்.எல்.ஆர். எடுத்துவிட்டுத் தேதியை மறப்பவர்களுக்கு

போன வாரம் ஒரு பையன் வந்தான். கையில் எல்.எல்.ஆர்., முகத்தில் சிரிப்பு. "இன்னும் ஒரு மாதம் இருக்கு அண்ணே, மெதுவாப் பார்த்துக்கலாம்" என்றான். இருபது வயதில் நானும் இதையே சொன்னேன். சொன்னபடியே மெதுவாகப் போய், எல்.எல்.ஆர். காலாவதியாகி, எழுத்துத் தேர்வை மறுபடி எழுதினேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்து இத்தனை வருடமாகியும் இந்த ஒரு தவறைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆறு மாதம் என்பது ஆறு மாதம் அல்ல

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். ஆனால் முதல் முப்பது நாள் ரோடு டெஸ்டுக்குப் போகவே முடியாது. அதன் பிறகு sarathi.parivahan.gov.in தளத்தில் பணம் கட்டி, காலியாக இருக்கும் நாளில் ஸ்லாட் பிடிக்க வேண்டும். தோற்றால் ஏழு நாள் கழித்துத்தான் அடுத்த முயற்சி. மூன்று முறை தோற்றால் கடைசி டெஸ்டிலிருந்து அறுபது நாள் காத்திருக்க வேண்டும். அதோடு பயிற்சிப் பள்ளியில் ஒரு மறுபயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 5-ல் எல்.எல்.ஆர். கிடைத்தால் ஜூலை 4 வரை செல்லும். நம் ஆள் மே கடைசியில் முழித்துக்கொண்டு ஜூன் 12-க்கு ஸ்லாட் எடுக்கிறார். எட்டுப் போடும்போது கால் தரையில் பட்டுவிடுகிறது. அடுத்த ஸ்லாட் ஜூன் 23-ல் கிடைக்கிறது. அன்றைக்கும் பதற்றத்தில் போய்விடுகிறது. ஜூன் 30-க்குப் பிறகு மூன்றாவது முறை போகலாம், ஆனால் காலியாக இருப்பது ஜூலை 7 மட்டும். அதற்குள் எல்.எல்.ஆர். செத்துவிட்டது. புது விண்ணப்பம், மறுபடி எழுத்துத் தேர்வு, மறுபடி முப்பது நாள்.

இதே ஆள் பிப்ரவரி 10-க்கே ஸ்லாட் எடுத்திருந்தால்? அன்று தோற்று, 20-ம் தேதி தோற்று, மார்ச் 2-ல் மூன்றாவது முறையும் தோற்றாலும்கூட, அறுபது நாள் முடிவது மே 1-ல். மறுபயிற்சியை இடையில் முடித்திருந்தால் நான்காவது முயற்சிக்கு இரண்டு மாதம் கையில் இருக்கும். இரண்டு பேருக்கும் எட்டு ஒரே லட்சணத்தில்தான் வருகிறது. ஒருவருக்கு நாட்காட்டி துணையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

செலவும் உண்டு. மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒவ்வொரு வண்டி வகைக்கும் 150 ரூபாய், எழுத்துத் தேர்வுக்கு 50. ரோடு டெஸ்டுக்கு ஒவ்வொரு வகைக்கும் 300, தோற்று மறுபடி போகும் ஒவ்வொரு தடவையும் அதே 300. பைக்கில் தோற்று காரில் தேறியவர் பைக்குக்கு மட்டும் மறுபடி போனால் போதும். கட்டணத்தைவிட வலிப்பது லீவு போட்ட நாட்கள்தான்.

அதனால் என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எல்.எல்.ஆர். தேதியை. முப்பத்தோராவது நாளில் ஸ்லாட் தேடச் சொல்வேன். "இன்னும் சரியா ஓட்ட வரலையே" என்பார்கள். சரி, வராவிட்டால் முதல் டெஸ்ட்தான் போகும், மாதம் மிச்சம்.

இன்ஷியல்

ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி. ஒன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், இன்னொன்றில் ஒற்றை எழுத்து முன்னால் நிற்கும். வயதுக்கும் முகவரிக்கும் காட்டும் சான்றுகளில் பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள், லைசென்ஸில் பதிந்துவிட்டால் திருத்த அது தனி அலைச்சல்.

நாற்பது தாண்டியவர்கள்

படிவம் 1 நாமே எழுதித் தரும் உடல்தகுதி உறுதிமொழி. நாற்பது வயதுக்கு மேல் அது போதாது, டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். ஒரு பெரியப்பா இதற்காகவே ஒரு நாள் வீணாகத் திரும்பிப் போனார்.

வேறு வகை வண்டியில் போவது

கியர் இல்லாத வண்டி என்று எல்.எல்.ஆர். வாங்கிவிட்டு டெஸ்டுக்கு அண்ணன் பைக்கில் போவார்கள். எல்.எல்.ஆரில் என்ன வகை எழுதியிருக்கிறதோ அந்த வகை வண்டிதான். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் செல்லுபடியாக இருக்கிறதா என்று முந்தின நாள் இரவே பாருங்கள். இரவல் வண்டியில் இன்சூரன்ஸ் முடிந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

எல் போர்டு

வெள்ளையில் சிவப்பு எழுத்து, முன்னும் பின்னும். ஹெல்மெட்டும்.

நண்பனைப் பின்னால் ஏற்றி வருவது

வேண்டாம். லைசென்ஸ் உள்ளவர் கற்றுக்கொடுக்க உட்காரலாம், மற்றவர்கள் பஸ்ஸில் வரட்டும்.