நிலையான வைப்பை முறிக்காமல் அதன் மேல் கடன் எடுப்பது: என் கணக்கும் அம்மாவின் கையொப்பமும்

வெள்ளவத்தையில் வாடகை வீடு மாறியபோது புதிய வீட்டுக்காரருக்கு முற்பணமாக 4 இலட்சம் ரூபாய் உடனே கொடுக்க வேண்டியிருந்தது. பழைய வீட்டுக்காரரிடமிருந்து எங்கள் முற்பணம் திரும்பி வர மூன்று மாதங்கள் இருந்தன. கையில் இருந்தது அம்மாவின் பெயரிலும் என் பெயரிலும் இட்டிருந்த 10 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு மட்டுமே. பன்னிரண்டு மாத வைப்பு, ஆண்டுக்கு 8 சதவீத வட்டி, வட்டி முதிர்வின்போது. ஒன்பது மாதங்கள் கடந்திருந்தன. அதை முறித்துவிடலாம் என்றுதான் வங்கிக்குப் போனேன். முறிக்காமல் அதன் மேலேயே கடன் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு தொகைகளை எழுத்தில் கேளுங்கள்

கிளையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இன்று முறித்தால் வட்டியாக எவ்வளவு கையில் வரும்? கடன் எடுத்தால் வட்டி வீதமும் கட்டணமும் எவ்வளவு? பதிலை வாய்மொழியாக வாங்க வேண்டாம். ஒரு தாளிலாவது மின்னஞ்சலிலாவது வாங்குங்கள். இடையில் முறிக்கும் வைப்புக்கு ஒப்புக்கொண்ட வீதத்தை வங்கி தருவதில்லை, குறைந்த வீதத்தில் வட்டியைத் திரும்பக் கணக்கிடும். அந்தக் குறைந்த வீதம் வங்கிக்கு வங்கி வேறுபடுவதால் ஊகித்துப் பயனில்லை.

எனக்குச் சொல்லப்பட்ட வீதம் 5 சதவீதம். ஒன்பது மாதத்துக்கு அது 37,500 ரூபாய். 10 சதவீத நிறுத்திவைத்தல் வரி போக 33,750. முற்பணத்தைக் கொடுத்துவிட்டு மீதியை மூன்று மாத வைப்பில் 7 சதவீதத்துக்கு இட்டால் வரி போக இன்னும் ஏறத்தாழ 10,000 வரும். ஆக, முறிக்கும் வழியில் மொத்த வரவு 44,000க்குச் சற்றுக் குறைவு.

கடன் வழியில் வைப்பு அப்படியே முதிரும். 80,000 ரூபாய் வட்டியில் வரி 8,000 போக 72,000 நிற்கும். கடனுக்கு வைப்பு வீதத்தைவிட 2 சதவீதம் கூடுதலாக, அதாவது 10 சதவீதம் கேட்டார்கள். 4 இலட்சத்துக்கு மூன்று மாத வட்டி 10,000, ஆவணக் கட்டணம் 2,000. மீதி 60,000. கடன் எடுத்ததால் 16,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சியது.

இதே கணக்கு எல்லோருக்கும் இப்படியே வராது. வைப்பு இட்டு ஒரு மாதமே ஆன ஒருவர் 8½ இலட்சத்தைப் பதினொரு மாதங்களுக்குக் கடனாக எடுத்தால், அதன் வட்டி மட்டும் ஏறத்தாழ 78,000 ஆகி, முழு வைப்பும் தரும் 72,000ஐ விழுங்கிவிடும். அவர் முறிப்பதே நல்லது. அவர் இழப்பது ஒரு மாத வட்டி மட்டுமே. முதிர்வு நெருங்கியிருக்க வேண்டும், தேவை வைப்பின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும், திருப்பிக் கட்டும் பணம் எங்கிருந்து எப்போது வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இவை மூன்றும் பொருந்தினால்தான் நான் கடனைச் சொல்வேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீத இடைவெளி 2 சதவீதம்தான் என்று கிளையில் சொல்வார்கள். ஆனால் வரி வைப்பின் முழு வட்டியிலும் பிடிக்கப்படுகிறது. கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டியை அதில் கழிப்பதில்லை. ஆகவே 8 சதவீதம் கையில் 7.2 ஆகிறது, உண்மையான இடைவெளி 2.8. 2025 ஏப்ரல் முதல் இந்த வரி 5இலிருந்து 10 சதவீதமாக உயர்ந்திருப்பதால் பழைய கணக்குகளை நம்ப வேண்டாம். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து இந்த வரிப் பிடிப்பைத் தவிர்க்கலாம்.

கூட்டு வைப்பென்றால் எல்லோரும் கையொப்பமிட வேண்டும்

நான் தடுக்கி நின்றது இங்கேதான். எங்கள் வைப்பு "இருவரில் எவரும்" இயக்கலாம் என்ற அறிவுறுத்தலுடன் இருந்ததால் என் கையொப்பம் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த அறிவுறுத்தல் பணத்தைப் பெறுவதற்குத்தான் பொருந்தும், வைப்பைப் பிணையாக வைப்பதற்கு உரிமையாளர் எல்லோரும் கையொப்பமிட வேண்டும் என்று கடன் பிரிவு உத்தியோகத்தர் விளக்கினார். அம்மாவோ யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். படிவங்களை அதே வங்கியின் யாழ்ப்பாணக் கிளைக்கு அனுப்பி, அம்மா அங்கே உத்தியோகத்தர் முன்னிலையில் கையொப்பமிட ஏற்பாடு செய்தோம்.

படிவம் திரும்பி வந்தது. கையொப்பம் பொருந்தவில்லை என்று குறித்திருந்தார்கள். கணக்குத் தொடங்கியபோது இட்ட கையொப்பத்துக்கும் இப்போது நடுங்கும் விரலால் அம்மா இட்டதற்கும் வேறுபாடு இருந்தது. அம்மா மீண்டும் தேசிய அடையாள அட்டையுடன் போய்ப் புதிய மாதிரிக் கையொப்ப அட்டையை நிரப்பிக் கொடுத்த பிறகே கடன் படிவத்தில் இட்டதை ஏற்றார்கள். இதில் ஆறு வேலை நாட்கள் போயின. வயதான பெற்றோருடன் கூட்டு வைப்பு வைத்திருப்பவர்கள் பணம் தேவைப்படும் நாள்வரை காத்திராமல் மாதிரிக் கையொப்பத்தை இப்போதே புதுப்பித்துவையுங்கள்.

கடனா, மேலதிகப்பற்றா

வைப்பின் மேல் தவணைக் கடனாகவும் எடுக்கலாம், நடைமுறைக் கணக்கில் மேலதிகப்பற்றாகவும் எடுக்கலாம். பணம் ஒரே நாளில் முழுவதுமாக வேண்டுமென்றால் கடன் எளிது. வீடு திருத்துவதுபோல் சிறிது சிறிதாகச் செலவு வருமானால் மேலதிகப்பற்றையே நான் விரும்புவேன். பயன்படுத்திய தொகைக்கு, பயன்படுத்திய நாட்களுக்கு மட்டுமே வட்டி ஓடும்.

முதிர்வுத் திகதியும் விடுவிப்பும்

கடன் முடியும் நாளை வைப்பு முதிரும் நாளுக்குச் சில நாட்கள் முன்னதாக வையுங்கள். கடன் நிலுவையில் இருக்கும்போது வைப்பு முதிர்ந்தால், வங்கி வைப்பிலிருந்தே கடனைக் கழித்துக்கொள்ளலாம், அல்லது தானியங்கிப் புதுப்பிப்பில் வைப்பு அன்றைய வீதத்துக்கு மாறிப்போகலாம். இரண்டில் எது நடக்கும் என்பதைப் படிவத்திலேயே எழுதச் சொன்னேன்.

கடனைக் கட்டி முடித்த அன்றே வைப்பின் மீது வங்கி இட்ட பிணைத் தடையான லியன் தானாக நீங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். நான் கட்டி மூன்று நாட்களுக்குப் பிறகும் செயலியில் வைப்பு தடைப்பட்டதாகவே காட்டியது. கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கி, அசல் வைப்புச் சான்றிதழையும் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகே கிளையை விட்டு வெளியே வாருங்கள்.

பின்னர் சேர்த்தது

வாசகர் ஒருவர் தம் வைப்பு மாதாந்த வட்டி தருவது என்றும், அதற்கும் இதே கணக்கா என்றும் கேட்டிருந்தார். அவருக்கு முறிப்பது இன்னும் வலிக்கும். ஏற்கெனவே கூடுதல் வீதத்தில் வழங்கிய வட்டியின் வேறுபாட்டை வங்கி வைப்புத் தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளும் என்பதால் இட்ட தொகையைவிடக் குறைவாகக் கையில் வரக்கூடும். கடன் எடுத்தாலோ மாத வட்டி வழக்கம்போல் வரும். அது சேமிப்புக் கணக்கில் விழுந்ததும் கடன் வட்டிக்குப் போகும்படி நிலையான கட்டளை ஒன்று கொடுத்துவிடலாம்.