சட்டிக் கணக்கும் நூல் கணக்கும்: ரிப்பேர் வீடியோ டிஸ்கிரிப்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் விரிசல் விட்ட ஆறு ஆத்தங்குடி கற்களை மாற்றினோம். அதை வீடியோவாகப் போட்டேன். வீடியோ சரியாகத்தான் இருந்தது, அதன் கீழே எழுதிய டிஸ்கிரிப்ஷனில்தான் கோட்டை விட்டேன். பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி போனில் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ எழுதுனதத்தான் கொத்தனார்ட்ட காட்டுனேன். கல்லு தரைக்கு மேல துருத்திக்கிட்டு நிக்குது, நடந்தா கால் இடறுது."

நான் எழுதியது இவ்வளவுதான்: "ஆத்தங்குடி கல் 8 இஞ்ச் – 6. சிமெண்ட், மணல் தேவையான அளவு."

வீடியோவை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள். டிஸ்கிரிப்ஷனைக் கடை வாசலில் நின்று படிப்பார்கள், இல்லை சிமெண்ட் கையோடு இருக்கும் கொத்தனாருக்கு வாசித்துக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் படம் கூட வராது. எழுத்து மட்டும்தான் துணை.

முதல் தவறு, கனத்தை விட்டது. எங்கள் பழைய கல் 6 நூல் கனம், அதாவது முக்கால் இஞ்ச். ஆச்சி வாங்கிய கல் முழு 1 இஞ்ச். வீடியோவில் பார்த்தபடி ஒன்றே முக்கால் இஞ்ச் ஆழம் தோண்டி, 1 இஞ்ச் கலவை போட்டு, மேலே அந்தக் கல்லை வைத்தால் 2 நூல் துருத்தாமல் என்ன செய்யும்? எனவே நீளம், அகலம், கனம் மூன்றையும் எழுத வேண்டும். ஆழத்தை மட்டும் ஒரே எண்ணாக எழுதாமல், "கல்லின் கனம் + கலவைக்கு 1 இஞ்ச்" என்று எழுதினால் யார் எந்தக் கல்லை வாங்கினாலும் தப்பாது.

இஞ்சையும் மில்லிமீட்டரையும் கலப்பது இன்னொரு வம்பு. 8 இஞ்ச் என்பது 203 மி.மீ. அதை 200 என்று ரவுண்டாக எழுதிவிட்டால், கல்லுக்கு 3 மி.மீ. குறையும். ஐந்து கல் வரிசையில் அது ஒன்றரை சென்டிமீட்டர். பூ வேலைப்பாடு பக்கத்துக் கல்லோடு சேராது.

அப்புறம் "தேவையான அளவு". சாம்பாருக்கு உப்பு என்றால் சரி, சிமெண்டுக்குச் சரிவராது. "ஒரு சட்டி" என்பதும் அப்படித்தான், ஆளுக்கொரு சட்டி வைத்திருக்கிறார்கள். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஒரு கல்லுக்கு அடியில் 8 × 8 × 1 = 64 கன இஞ்ச், சுமாராக 1 லிட்டர். ஆறு கல்லுக்கு 6.3 லிட்டர். உலர்ந்த கலவை தண்ணீர் பட்டதும் சுருங்கும், அதனால் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். கொஞ்சம் சேதாரமும் சேர்த்து 1க்கு 4 கலவைக்கு நான் இப்போது எழுதுவது: சிமெண்ட் இரண்டரை கிலோ (ஒன்றே முக்கால் லிட்டர்), மணல் 7 லிட்டர். இப்படி எழுதிய பிறகு பாதி வேலையில் கலவை தீர்ந்துபோனதாக யாரும் போன் செய்யவில்லை.

பொருள் பட்டியலில் "கிளீனிங் லிக்விட்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஆத்தங்குடி கல் சூளையில் சுட்டதல்ல, கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி வார்த்தது. ஆசிட் கலந்த கிளீனர் பட்டால் அந்த மேல்பரப்பையே அரித்து மினுமினுப்பைக் கொண்டுபோய்விடும். "ஆசிட் இல்லாதது" என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் போதும்.

தலைப்புகளுக்கு வருவோம். "ஸ்டெப் 3" என்றால் யாருக்கு என்ன புரியும்? யூடியூபில் அத்தியாயங்களாகப் பிரிய, முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் வரிசையாக வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. நான் ஒருமுறை வணக்கம் சொல்லும் பகுதியை விட்டுவிட்டு 0:25இல் தொடங்கினேன், ஒன்றுமே பிரியவில்லை. இப்போது எழுதுவது இப்படி:

```
0:00 எந்தக் கல்லை மாற்ற வேண்டும்
0:50 உடைந்த கல்லை நடுவிலிருந்து உளியால் எடுத்தல்
3:20 ஆழம்: கல் கனம் + 1 இஞ்ச்
5:05 கலவை 1:4, கல்லின் அடியை நனைத்து வைத்தல்
8:40 ரசமட்டம் பார்த்துத் தட்டி இறக்குதல்
10:15 24 மணி நேரம் மிதிக்கக் கூடாது
```

கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வீடியோவில் வெட்டிப்போன ஒரு நாள் காத்திருப்பு, டிஸ்கிரிப்ஷனிலும் காணாமல் போகிறது. கலவை இறுகுமுன் மிதித்த கல் ஆடி, அடியில் பிடிப்பு விட்டுவிடும். விரலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும்.

ஆச்சி வீட்டுக் கற்களைப் பெயர்த்து, 2 நூல் கூடத் தோண்டி மறுபடி பதித்தோம். ஒன்று எடுக்கும்போதே மூலை உடைந்துவிட்டது. அதற்கான காசை நான்தான் கொடுத்தேன்.